நீலக் கசடு

என்னிடம் பதக்கம் வாங்கிய பின்லாந்துப் பெண்மணி, பொருள் கைக்குச் சேர்ந்து சில வாரம் கழித்து ஒரு செய்தி அனுப்பினார். இது புகார் இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். குளிக்கப் போகும்போது பதக்கத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பாராம். அவருடைய வீடு பழைய மரவீடு. குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே பனி பூத்துவிடுமாம். பதக்கம் வைத்த இடத்துக்கு மேலே மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, பனி பிடிக்கவில்லை. இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தாராம். அங்கேயும் அப்படித்தான். படம் எடுத்து அனுப்பியிருந்தார். வெள்ளையாய் மூடிய கண்ணாடியில் வட்டமாக ஒரு தெளிவு. அதன் வழியே இருட்டான மரங்கள் தெரிந்தன. இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

பதக்கத்தில் இருக்கும் கண்ணாடி வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் இருந்த சூடாக இருக்கும் என்று பதில் எழுதினேன். அப்போது நானே அதை நம்பினேன்.

எங்கள் தெரு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்சுவரோடு முடிகிறது. என் வீட்டுக்காரர் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்க்கிறார். நான் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். பித்தளை வளையங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் வேலை. அந்தப் பிரிவை மூடியபோது வீட்டில் உட்கார்ந்தேன். பித்தளைக் கம்பியை வளைத்துக் காதணி செய்யக் கற்றுக்கொண்டது அந்தச் சும்மா இருந்த காலத்தில். உள்ளூரில் யாரும் அதை மதித்து வாங்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் இணையச் சந்தையில் கடை திறந்தேன்.

திறப்பது சுலபம். அனுப்புவதுதான் பாடு. ஏற்றுமதிக்கான எண் வாங்க வேண்டும். வங்கியில் அந்நியப் பணம் வரும்போது எதற்கான பணம் என்று குறியீடு சொல்ல வேண்டும். விலையை டாலரில் போட வேண்டும். முதலில் ரூபாய்க் கணக்கை அப்படியே டாலராக மாற்றிப் போட்டேன். சந்தைக்காரர்களின் கமிஷன், பணம் கைமாறும் இடத்தின் கட்டணம், அவர்கள் தரும் மாற்று விகிதம் எல்லாம் போக, கம்பி வாங்கிய காசுகூட மிஞ்சவில்லை. பிறகு வேறொரு சங்கடம். கனடாவிலிருந்து ஒருவர், பதக்கத்தை விடத் தபால் செலவு அதிகமாக இருக்கிறதே என்று எழுதினார். நியாயம்தான். அதிலிருந்து தபால் செலவைப் பாதிக்கு மேல் விலைக்குள்ளேயே புதைத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாவிட்டால் யாருக்கும் வலிப்பதில்லை. பெட்டியை இளைக்க வைத்தேன். எடை ஒரு படி தாண்டினால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடும் என்பதால் பஞ்சுக்குப் பதில் காகிதத்தைச் சுருட்டி வைத்தேன்.

சுங்கப் படிவம் கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிட்டது. பொருள்: போலி நகை, பித்தளையும் கண்ணாடியும். பொருளின் குறியீட்டு எண். நிகர எடை. மதிப்பு. உற்பத்தியான நாடு இந்தியா. பொருள் சேராவிட்டால் என்ன செய்ய என்ற கேள்விக்கு, அனுப்பியவருக்கே திருப்பு. ஐரோப்பிய நாடுகளுக்கு வரியைச் சந்தைக்காரர்களே வாங்குபவரிடம் வசூலித்துவிடுவார்கள். அதற்கான எண்ணை நான் பொட்டலத்தின் மின்விவரத்தில் ஏற்ற வேண்டும். மறந்தால் அங்கே இரண்டாம் தடவை வரி கேட்பார்கள். ஒருமுறை மறந்து, ஒரு வாடிக்கையாளரை இழந்திருக்கிறேன். அமெரிக்காவில் சின்னப் பொட்டலங்களுக்கு இருந்த வரிச் சலுகை நின்ற பிறகு அந்தப் பக்கம் ஆர்டர் வற்றிப்போனது. குளிர் நாடுகள்தான் மிச்சம்.

கண்ணாடி என்று நான் எழுதியது, கடையில் வாங்கிய கண்ணாடி இல்லை. இரும்பு உருக்கும் உலையில் மேலே மிதந்து வரும் கசடு அது. இங்கே ஸ்லாக்கு என்பார்கள். ஆறியதும் உடைத்து, பள்ளம் நிரப்பவும் மண்சாலை போடவும் லாரியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பெரும்பாலும் கறுப்பாக, நுரைத்த மாதிரி இருக்கும். அபூர்வமாகச் சில துண்டுகள் கண்ணாடி போல வழுவழுப்பாக அமைந்துவிடும். அதைப் பொறுக்கி, தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றி, பித்தளைக் கம்பியில் கட்டினேன். எஃகு ஊரின் கல் என்று விளம்பரத்தில் எழுதினேன். அதுதான் விற்றது.

என் கொழுந்தனார் டிப்பர் லாரி ஓட்டுகிறார். ஒருநாள் அவர் வண்டி எங்கள் தெருமுனையில் நின்றபோது, மேலே கிடந்த கசடு வேறு நிறத்தில் இருந்ததைப் பார்த்தேன். நீலம். வானத்து நீலமில்லை. அடுப்பில் எரிவாயு எரியும்போது அடியில் தெரியுமே, அந்த நீலம். நடுவே பால் கலந்தாற்போல் வெள்ளை இழைகள். எனக்கு ஒரு சாக்கு வேண்டும் என்று கேட்டேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு இறங்கி, ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்த நீலம் படம் போட்ட மறுநாளே விற்க ஆரம்பித்தது. பின்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான். நான் விலையை ஏற்றினேன். அப்படியும் விற்றது.

பின்லாந்துக்காரருக்குப் பதில் எழுதிய அதே மாதத்தில், கனடாவில் பதக்கம் வாங்கிய ஒரு பெண் எழுதினார். வயதான அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர். அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. மகளையே அடையாளம் தெரியாது. ஒருநாள் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடக் குனிந்தபோது, மகளின் கழுத்தில் தொங்கிய பதக்கத்தை அவர் கைக்குள் பிடித்துக்கொண்டாராம். விடவில்லையாம். அழுதுகொண்டே, இவனை வெளியே எடு, இவனை வெளியே எடு என்றே சொன்னாராம். யாரை அப்பா என்று கேட்டதற்கு, நெருப்புக்குள் இருக்கிறானே அவனை என்றாராம். அப்பா வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட வாத்தியார், நெருப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர் என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். உங்களிடம் கேட்பது பைத்தியக்காரத்தனம், ஆனால் இந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று முடித்திருந்தார்.

அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். சாக்கு என் வேலை மேஜைக்கு அடியில் இருந்தது. அது அடைமழைக் காலம். எங்கள் வீட்டுத் தரையில் ஓதம் காத்து, சிமெண்ட் முழுக்க வியர்த்துக் கிடந்தது. கோணி விரித்துத்தான் நடந்தோம். காலை மேஜைக்கு அடியில் நீட்டினேன். அங்கே தரை காய்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். சாக்கைச் சுற்றி ஒரு வட்டம், வெயிலில் கிடந்த தரை போல உலர்ந்திருந்தது. சாக்கின் மேல் கை வைத்தேன். சுடவில்லை. அடுப்பிலிருந்து இறக்கி நெடுநேரம் ஆன பாத்திரத்தில் மிஞ்சியிருக்கும் சூடு மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒன்று.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். அந்த இடத்தில் சிமெண்ட் கெட்டியாகப் பூசியிருப்பார்கள் என்றார். சாக்கை நகர்த்தி வைத்துப் பார்க்கலாமா என்றேன். அவர் வேண்டாம் என்றார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பின்லாந்துப் பெண்மணி இதற்குள் தன் தங்கைக்காக ஒரு ஜோடி காதணி ஆர்டர் கொடுத்திருந்தார். அனுப்பினேன். அந்தப் பொட்டலம் அவர்கள் நாட்டுச் சுங்கத்தில் நின்றது. ஏன் நின்றது என்று அவர் விசாரித்து எழுதினார். அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். கண்ணாடி என்று எழுதியிருக்கிறதே, இது கண்ணாடி போல இல்லையே, இயற்கைக் கல்லா என்று கேட்கிறார்கள். கல்லாக இருந்தால் குறியீட்டு எண் வேறு, வரியும் வேறு. இந்தப் பொருள் எதனால் ஆனது, எங்கிருந்து எடுத்தது என்று விற்பவர் எழுத்தில் தர வேண்டும். குறித்த நாளுக்குள் தராவிட்டால் பொட்டலம் திரும்பிவிடும்.

எதனால் ஆனது என்பதை ஒரு நாட்டின் அரசாங்கமே கேட்ட பிறகு, இனி கேட்காமல் இருக்க வழியில்லை. கொழுந்தனாரை வீட்டுக்கு வரச் சொன்னேன். பகல் சாப்பாட்டு நேரம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். சுங்கக்காரர்கள் கேட்டதை மட்டும் சொன்னேன். மற்ற எதையும் சொல்லவில்லை. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அண்ணி, அத்த இனிமே விக்காதீங்க" என்றார்.

விற்றாகிவிட்டது, கொஞ்சம்தான் மிச்சம் என்றேன்.

"அது ஒரு ஆளு உள்ள உயுந்த ஹீட்டோட ஸ்லாக்கு அண்ணி. அந்த இரும்ப தனியா ஊத்தி, மேல நின்னத தனியா ஒடச்சி, வெளிய அனுப்பிச்சாங்க. எந்த வண்டியும் ஏத்த மாட்டேன்னுச்சி. என் வண்டி தான் மாட்டிச்சி." கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "கலரு நல்லாக்கீதுன்னு நீங்க கேட்டீங்க. எனுக்கு சொல்ல வாய் வரல."

உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றுவதை இங்கே ஹீட் என்பார்கள். உலையில் ஒருவர் தவறி விழுந்த செய்தி எனக்கும் தெரியும். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எந்த ஆலை, யார் என்றெல்லாம் நாலைந்து நாள் பேசிவிட்டு விட்டுவிடுவோம். அன்று நானும் அப்படித்தான் பேசி விட்டிருந்தேன்.

மறுநாள் நான் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் கொழுந்தனார் வந்து சாக்கை எடுத்துப் போயிருந்தார். போன் செய்தேன். ஆரணியாற்றில் தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். போடும்போது கும்பிட்டாராம். மேஜைக்கு அடியில் இருந்த வட்டம் அன்று சாயங்காலமே வியர்த்துவிட்டது.

சுங்கத்துக்கான பதிலை எழுதி வைத்திருந்தேன். இரும்பு உருக்கும்போது கிடைக்கும் கசடு, கண்ணாடித் தன்மையுள்ளது, இயற்கைக் கல் அல்ல. பொய் ஒன்றுமில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. இறந்தவருக்கு மனைவி இருக்கிறார், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் குடியிருக்கிறார் என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். அவரிடம் சொல்லாமல் இந்தப் பதிலை அனுப்பக்கூடாது என்று தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போனேன்.

அவருக்கு என்னை விடச் சில வயது குறைவு இருக்கும். பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் பாக்கிங் பிரிவில் வேலை. வீட்டு வாசலில் சீருடையைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கணவரின் ஆலையிலிருந்து வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். இல்லை, நான் நகை செய்கிறவள் என்றேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். சுவரில் மாலை போட்ட படத்தில் அவர் கணவர், ஸ்டுடியோவின் நீலத் திரைக்கு முன்னால், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையில் இருந்தார்.

எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. லாரி, சாக்கு, நிறம், நான் அறியாமல் செய்தது என்று முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், நல்லடக்கம் நடந்ததைச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்கு கூட கொண்டு போல அக்கா. கொண்டு போறதுக்கு இன்னா இருந்துச்சி. ஒரு இரும்பு துண்டு குடுத்தாங்க, அந்த ஹீட்டுல ஊத்துனது. பொட்டியில வச்சி ஃபாதர் ஜெபம் பண்ணாரு. தூக்குனவங்க நாலு வாட்டி எறக்கி வச்சாங்க. ஆள விட கனம்."

பதக்கங்களின் படத்தைக் காட்டச் சொன்னார். போனில் கடையைத் திறந்து கொடுத்தேன். விற்றுப்போன பதக்கங்களை ஒவ்வொன்றாக விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். டாலர் விலையில் விரல் பட்டபோது அதைக் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"அவரு மெட்ராஸ தாண்டினதில்ல" என்றார். "வேளாங்கண்ணிக்கி போலாம் போலாம்னே இருந்தாரு."

வாங்கினவர்கள் நன்றாக வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். சிலர் எழுதிய பாராட்டுகளைத் தமிழில் படித்துக் காட்டினேன். பின்லாந்து ஜன்னலைக் காட்டினேன். அந்தத் தெளிந்த வட்டத்தை நெடுநேரம் பார்த்தார். கனடாவில் அந்தப் பெரியவர் சொன்னதை மட்டும் நான் சொல்லவில்லை. போனைத் திருப்பித் தரும்போது அவரே கேட்டார்.

"சுடுதுன்னு யாரும் சொல்லலியா?"

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. துணிகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

சொன்னார்கள் என்றேன்.

அவர் தலையை அசைத்தார். பக்கத்து ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை என்று கேள்விப்பட்டவர் மாதிரி. பிறகு, ஒன்றாவது கிடைக்குமா என்று கேட்டார்.

மிச்சமிருந்த சாக்கு ஆற்றில். விற்றவை உலகத்தின் வேறு மூலைகளில், மற்றவர்களின் கழுத்தில். பின்லாந்துச் சுங்கத்தில் நின்றிருந்த காதணி ஜோடி ஒன்றுதான் இன்னும் யாருடையதும் ஆகாமல் இருந்தது. அதை வரவழைத்துத் தருகிறேன் என்றேன்.

பொருள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் படிவங்களை நிரப்பியிருக்கிறேன். கிடைக்காமல் திரும்பிவர வைப்பது புதிதாக இருந்தது. செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதே அதில் விசேஷம். பதில் எழுதாமல் கெடு முடியும்வரை இருக்க வேண்டும். ஆனால் வாங்கியவரிடம் சொல்லாமல் அப்படி இருக்க முடியாது. பின்லாந்துப் பெண்மணிக்கு எழுதினேன். இந்தக் கசடு கிடைத்த உலையில் ஒருவர் இறந்திருக்கிறார், அவர் மனைவி இதைக் கேட்கிறார், நீங்கள் சுங்கத்தில் ஏதும் சொல்லாமல் விட்டால் இது இங்கே திரும்பும், உங்கள் பணத்தைத் தந்துவிடுகிறேன். தந்தும்விட்டேன். டாலர் அதற்குள் ஏறியிருந்ததால், வாங்கியதை விடக் கூடுதல் ரூபாய் என் கணக்கிலிருந்து போயிற்று.

பதில் வர இரண்டு நாள் ஆனது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன், திரும்பட்டும் என்றார். என் கழுத்தில் இருப்பதையும் அனுப்பவா என்று கேட்டிருந்தார். அதைக் கொண்டுபோய் வரிசை வீட்டு அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம், பழகின இடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

கெடு முடிந்தது. கண்காணிப்புப் பக்கத்தில், அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு வாரக்கணக்கில் எதுவும் இல்லை. திரும்பும் பொட்டலத்துக்கு அவசரமில்லை, எந்த விமானத்தில் இடமிருக்கிறதோ அதில் வரும் என்று எங்கள் அஞ்சலகத்தில் சொன்னார்கள். நான் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வரிசை வீட்டு அம்மாவும் வேலை முடிந்து ரயிலடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எங்கே வந்திருக்கிறது என்று கேட்பார். ஊருக்குப் போன மனிதர் எந்த ஸ்டேஷனில் இருக்கிறார் என்று விசாரிப்பது போல்தான் இருக்கும். எனக்கும் கொஞ்ச நாளில் அப்படித்தான் பதில் வர ஆரம்பித்தது. இன்னும் கிளம்பவில்லை என்பேன்.

கனடாப் பெண்ணுக்கும் உண்மையை எழுதினேன். பதக்கத்தை அனுப்பிவிடுங்கள் என்று கேட்கவில்லை. வேண்டாமென்றால் ஓடும் தண்ணீரில் விட்டுவிடலாம் என்று மட்டும் எழுதினேன். அவர் வைத்துக்கொண்டார். அப்பா இப்போது அழுவதில்லை, அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமோ மெதுவாகப் பேசுகிறார், மாணவனுக்குப் பாடம் சொல்வது போல, என்று எழுதினார்.

பொட்டலம் வந்தது ஒரு வெயில் காலை. நான் ஒட்டிய டேப்புக்கு மேலே வேறொரு நாட்டின் டேப். திறந்து பார்த்ததற்கான முத்திரை. திரும்பிவந்த என் சொந்தப் பொருள் என்பதால் இங்கே வரி எதுவும் கேட்கவில்லை. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் அதைப் பிரிக்கவில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு வரிசை வீட்டுக்குப் போனேன்.

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கத்தரிக்கோல் வேண்டாம் என்று நகத்தாலேயே டேப்பைப் பிரித்தார். நான் சுருட்டி வைத்திருந்த காகிதம் பழுப்பேறியிருந்தது. அனுப்பும்போது அது வெள்ளைக் காகிதம். இரண்டு நீலத் துண்டுகளையும் உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டு மூடினார். அவர் முகத்தில் வியர்வை அரும்பியது. மேல் உதட்டில், நெற்றியில், பிறகு கழுத்தில். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அழவில்லை. நானும் நாற்காலியில் அசையாமல் இருந்தேன். அறையில் எங்களைத் தவிர இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. எழுந்து இடம் விட வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு.

கையைத் திறந்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. ஒன்றை எடுத்து வலது காதில் மாட்டிக்கொண்டார். மற்றதை என்னிடம் நீட்டினார்.

"இத அந்த அக்காவோட தங்கச்சிக்கே அனுப்பிச்சிடுங்க. கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்லக் கூடாது."

ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்றார். நாளெல்லாம் இங்கேயே நெருப்பில் கிடந்தவர், கொஞ்சம் குளிரான இடத்திலும் இருக்கட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த ஒற்றைக் காதணியின் கொக்கியைக் கழற்றி, வளையம் போட்டுப் பதக்கமாக்கினேன். பின்லாந்துக்கு எழுதிக் கேட்டேன். வேண்டும் என்றார்கள். விலை வேண்டாம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வரியும் முறையாகக் கட்டி வாங்க வேண்டும் என்பதற்காகச் சந்தையிலேயே புதிதாக ஏற்றச் சொன்னார். இந்த முறை படிவத்தில் கண்ணாடி என்று எழுதவில்லை. போலி நகை, பித்தளைக் கம்பியில் கட்டிய இரும்பு உருக்காலைக் கசடு, இயற்கைக் கல் அல்ல என்று முழுதாக எழுதினேன். ஒரு துணைக் காகிதத்திலும் அதையே தட்டச்சு செய்து பெட்டிக்குள் வைத்தேன். மதிப்பு என்ற கட்டத்தில் அவர்கள் கொடுத்த தொகையைத்தான் எழுத முடியும். அதையே எழுதினேன்.

அஞ்சலகக் கௌண்டரில் இருப்பவருக்கு என்னை நன்றாகத் தெரியும். என் பொட்டலங்களைப் பார்க்காமலேயே தராசில் போடுவார். அன்றும் அப்படித்தான் எடுத்தார். உடனே கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள பேட்டரி கீட்டரி எதுவும் இல்லியே மேடம்?"

இல்லை, நகைதான் என்றேன். அவர் படிவத்தை எடுத்து, நான் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தார். உருக்காலை என்ற இடத்தில் விரல் நின்றது. அவரும் இந்த ஊர்க்காரர்தான். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தராசில் வைத்தார். எடையைக் குறித்துக்கொண்டு, ரசீதைக் கொடுத்து, அதை மற்றப் பொட்டலங்களோடு கோணிப்பைக்குள் எறியாமல், பக்கத்திலிருந்த காலி நாற்காலியின் மேல் தனியாக வைத்தார்.

இந்த முறை சுங்கத்தில் நிற்கவில்லை. போய்ச் சேர்ந்தது.

நான் கசடு பொறுக்குவதை விட்டுவிட்டேன். இப்போது பித்தளை மட்டும்தான். அந்த நீலம் இனி வராதா என்று இன்னும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சரக்கு தீர்ந்துவிட்டது என்று எழுதுகிறேன். கொழுந்தனார் எங்கள் தெருவழியாக வண்டியை ஓட்டுவதில்லை. கம்பி வாங்கப் போகும் நாட்களில் வரிசை வீட்டு அம்மாவைக் காலை ரயிலில் பார்க்கிறேன். பெண்கள் பெட்டியில் நிற்க இடமில்லாத நெரிசலில் அவர் வலதுபக்கம் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கும். ஏறுகிறவர்கள் யாரும் சொல்லிவைத்து ஒதுங்குவதில்லை. தானாகவே அப்படி நின்றுகொள்கிறார்கள். அவர் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தபடி, பொன்னேரி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு போவார்.